வேலியில் ஏறி இறங்கும் எழுத்துகள்: வரிசையை ஊகித்து மறைசெய்தியைப் படித்தல்

கேள்வி

கீழே உள்ள எழுத்துகளை ஒருவர் சத்தமாகப் படிக்க முயன்றால் பாதியிலேயே நாக்கு தடுமாறும்.

நா த ல் அ சொ ளை மு ல் தி வ ன் ம் ம் ல் க் லை பே ந் ரு றே மா ட லா கா ரு கி வி தே

மொத்தம் 28 எழுத்துகள். எல்லாம் தமிழ் எழுத்துகளே. ஒன்றுகூட வேறோர் எழுத்தாக மாற்றப்படவில்லை. இடம் மட்டும் மாறியிருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக அமைத்த இச்செய்தி, ஆங்கிலத்தில் ‘ரெயில் ஃபென்ஸ்’ எனப்படும் வேலிச் சைபரால் மறைக்கப்பட்டது. எழுத்துகளை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் சாய்வாக ஏற்றி இறக்கி எழுதிவிட்டு, பிறகு வரிசை வரிசையாகப் படித்தெடுப்பது அதன் முறை. அனுப்புபவரும் பெறுபவரும் காக்க வேண்டிய ரகசியம் ஒரே ஓர் எண்தான்: எத்தனை வரிசைகள்?

இதை உடைக்கும் வழியைப் பாடநூல்கள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும். இரண்டு வரிசை, மூன்று வரிசை, நான்கு வரிசை என்று ஒவ்வொன்றாக ஊகித்து, ஒவ்வொரு முறையும் பிரித்து எழுதிப் படித்துப் பார்க்க வேண்டும். பொருள் வந்தால் விடை. இது சரியான வழிதான். ஆனால் ‘பொருள் வந்தால்’ என்பதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. சரியான ஊகத்தைச் சரியென்று அறிவது எப்படி? தவறான ஊகங்களிலும் முழுச்சொற்கள் தோன்றுகின்றன, சரியான ஊகமும் சில வேளைகளில் குழம்பித் தெரிகிறது. ஊகிப்பதைவிட ஊகத்தைச் சோதிப்பதே இங்கே பெரிய வேலை என்பதும், அந்தச் சோதனைக்குத் தமிழ் எழுத்திலக்கணம் எதிர்பாராத அளவு கூர்மையான கருவியைத் தருகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வரலாறு பற்றிய வழக்கமான கூற்றுகள்

பெயருக்கான காரணத்தில் சிக்கல் இல்லை. அமெரிக்க நாட்டுப்புறங்களில் மரத்தை நீளவாக்கில் பிளந்து எடுத்த கட்டைகளை, நடுகால் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வளைத்து வளைத்து அடுக்கி வேலி கட்டுவார்கள். அந்தக் கட்டைக்குத்தான் ‘ரெயில்’ என்று பெயர். 1860 தேர்தலில் ஆபிரகாம் லிங்கனுக்கு ‘கட்டை பிளப்பவர்’ என்ற பட்டப்பெயர் வந்ததும் இதே வேலிக் கட்டைகளால்தான். இடமும் வலமுமாக வளைந்து செல்லும் அந்த வேலியின் உருவம் சைபருக்குப் பெயராயிற்று.

பயன்பாட்டு வரலாறு பற்றிச் சொல்லப்படுபவற்றை அவ்வளவு எளிதில் ஏற்க முடியாது. இதன் மூதாதை பண்டைய ஸ்பார்ட்டாவின் ஸ்கைடேல் என்ற கோல் என்பார்கள். கோலைச் சுற்றித் தோல்நாடாவைச் சுருட்டி எழுதி, அவிழ்த்து அனுப்பும் முறையைப் புளூட்டார்க் வர்ணிக்கிறார். அவர் எழுதியதோ ஸ்பார்ட்டாவின் பெருமைக்காலம் முடிந்து பல நூற்றாண்டுகள் கழித்து. 1998இல் ‘கிரிப்டோலாஜியா’ இதழில் தாமஸ் கெல்லி, ஸ்கைடேல் மறைஎழுத்துக் கருவியாக இருந்தது என்பதே பிற்காலக் கதை என்று வாதிட்டார். அந்தக் கதை உண்மையென்று வைத்துக்கொண்டாலும், கோலில் எழுதும்போது எழுத்துகள் ஒரே திசையில் பத்தி பத்தியாக விழும், திரும்பி ஏறுவதில்லை. ஆகவே அது வேலியின் தூரத்து உறவு மட்டுமே. அமெரிக்க உள்நாட்டுப் போரோடு வேலிச் சைபரை இணைப்பதும் வழக்கம். வடபடையின் தந்திப் பிரிவில் பெரிய அளவில் புழங்கியதாக ஆவணங்கள் காட்டுவது ஆன்சன் ஸ்டேகர் அமைத்த முறையை. அது எழுத்துகளை விட்டுவிட்டு முழுச்சொற்களை இடம் மாற்றியது.

ஏறி இறங்கிப் படிக்கும் வடிவம் தமிழுக்குப் புதிதில்லை. தண்டியலங்காரம் கூறும் சித்திரக்கவி வகைகளுள் கோமூத்திரி ஒன்று. இரண்டு அடிகளை மேலும் கீழுமாக எழுதி, மேலடியின் முதல் எழுத்து, கீழடியின் இரண்டாம் எழுத்து, மீண்டும் மேலடியின் மூன்றாம் எழுத்து என்று மாறிமாறிப் படித்தாலும் அதே செய்யுள் வரும். நடந்துகொண்டே போகும் மாடு தரையில் விட்ட தடத்தின் வளைவு அதற்குப் பெயர் தந்தது. பாதை இரண்டு வரிசை வேலியின் பாதையேதான். நோக்கம் நேர் எதிரானது: கோமூத்திரியில் எப்படிப் படித்தாலும் செய்யுள் தெரிய வேண்டும், வேலியில் ஒரே வழியில் படித்தால் மட்டுமே செய்தி தெரிய வேண்டும்.

வெட்டும் அளவு

சோதனைக்கு முன் ஒரு கணக்கு தேவை. மறைசெய்தி என்பது முதல் வரிசை முழுவதும், பிறகு இரண்டாம் வரிசை முழுவதும் என்று ஒட்டிவைத்த ஒரே நாடா. அதை எந்த இடங்களில் வெட்டுவது என்பது வரிசை எண்ணையும் செய்தியின் நீளத்தையும் பொறுத்தது. சம துண்டுகளாக வெட்டிவிடுவதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

மேல் வரிசையில் தொடங்கிக் கீழே போய்த் திரும்பி, மறுபடி மேல் வரிசையைத் தொடும்வரை ஒரு சுற்று. வரிசைகள் நான்கு என்றால் ஒரு சுற்றில் ஆறு எழுத்துகள் இருக்கும்: இறங்கும்போது நான்கு, ஏறும்போது இடையிலுள்ள இரண்டு. பொதுவாகச் சொன்னால், வரிசை எண்ணில் ஒன்றைக் கழித்து இரண்டால் பெருக்கினால் சுற்றின் நீளம். ஒவ்வொரு சுற்றிலும் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் ஒவ்வோர் எழுத்தும், இடைவரிசைகளுக்கு இரண்டிரண்டும் சேரும். ஆகவே முகடும் பள்ளமும் குட்டையான துண்டுகள், இடைவரிசைகள் ஏறக்குறைய இருமடங்கு நீளமானவை.

28 எழுத்துகளை நான்கு வரிசையில் இட்டால் நான்கு முழுச்சுற்றுக்கு 24 போக நான்கு மிஞ்சும். அந்த நான்கும் மேலிருந்து கீழாக வரிசைக்கு ஒன்றாக விழும். துண்டுகளின் அளவு 5, 9, 9, 5. இரண்டு வரிசை என்றால் 14, 14. மூன்று என்றால் 7, 14, 7. ஐந்து என்றால் 4, 7, 7, 7, 3. இந்த எண்களைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளாமல் பிரிக்கத் தொடங்குபவர், சரியான வரிசை எண்ணையே தவறென்று ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு.

இரண்டிலிருந்து தொடங்கி

முதலில் இரண்டு வரிசை. பதினான்கு எழுத்துகள் மேலே, பதினான்கு கீழே. மாறிமாறிப் படித்தால் கிடைப்பது:

நா க் த லை ல் பே அ ந் சொ ரு ளை றே மு மா ல் ட தி லா வ கா ன் ரு ம் கி ம் வி ல் தே

மூன்றாம் எழுத்திலேயே ‘தலை’ என்று ஒரு சொல் எட்டிப்பார்க்கிறது. கண்ணால் மட்டும் தேடுபவர் இங்கே நின்றுவிடுவார். ‘நாக்’ என்பது நாக்காக இருக்குமோ, உடல் உறுப்புகளைப் பற்றிய செய்தியோ என்று மனம் கதை கட்டத் தொடங்கும். மனித மூளைக்குச் சொற்களைக் கண்டுபிடிக்கும் ஆசை மிகுதி. அந்த ஆசைக்கு எதிராகத்தான் பொருளைச் சாராத சோதனை தேவைப்படுகிறது.

மூன்று வரிசை:

நா ல் ட தி த வ லா ன் ல் ம் கா ம் அ ல் ரு க் சொ லை கி பே ளை ந் வி ரு மு றே தே மா

இதில் எட்டாம் எழுத்திலிருந்து ‘ன் ல் ம்’ என்று மூன்று ஒற்றுகள் வரிசையாக நிற்கின்றன. தமிழ் அறிந்தவர் எவரும் இதற்குமேல் படிக்க வேண்டியதில்லை. அகராதியைத் தேடாமல், பொருளை யோசிக்காமல், வாயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

நான்கு வரிசைக்கு நாடாவை 5, 9, 9, 5 என்று வெட்டினால்:

நா த ல் அ சொ

ளை மு ல் தி வ ன் ம் ம் ல்

க் லை பே ந் ரு றே மா ட லா

கா ரு கி வி தே

மேல் வரிசையில் ஒன்று, இரண்டாம் வரிசையில் ஒன்று, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று. திரும்பி ஏறும்போது மூன்றில் அடுத்தது, இரண்டில் அடுத்தது. எடுத்த எழுத்தை அடித்துக்கொண்டே போனால் நா, ளை, க், கா, லை, மு, த, ல் என்று வருகிறது. நாளைக் காலை முதல் பேருந்தில் வருகிறேன், அம்மாவிடம் சொல்லாதே.

ஒற்றுகளின் சாட்சியம்

ஆங்கிலத்தில் இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்பதோடு ஒப்பிட்டால் தமிழின் நிலை தெளிவாகும். 1939இல் வெளிவந்த ஹெலன் ஃபூஷே கெயின்ஸின் ‘எலிமெண்டரி கிரிப்டனாலிசிஸ்’ பல தலைமுறைப் பொழுதுபோக்குச் சைபர்காரர்களுக்குக் கையேடாக இருந்தது. இடமாற்றுச் சைபர்களில் உயிரெழுத்துகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது அந்தக் கையேட்டின் முக்கிய உத்திகளுள் ஒன்று. ஆங்கில உரைநடையில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது எழுத்து உயிர். ஒரு பகுதியில் அவை கூட்டமாகவோ மிக அரிதாகவோ இருந்தால் அமைப்பு தவறென்று சந்தேகிக்கலாம். அது சராசரியை நம்பும் சோதனை. செய்தி நீளமாக இருந்தால்தான் உறுதி கிடைக்கும்.

தமிழ் எழுத்தில் உயிரும் மெய்யும் பெரும்பாலும் ஒரே எழுத்தில் இணைந்துவிடுவதால் அந்த எண்ணிக்கை அப்படியே பயன்படாது. அதற்கு மாற்றாக, புள்ளி பெற்ற எழுத்து ஒவ்வொன்றும் தனக்கு அடுத்து எது வரலாம் என்பதில் கண்டிப்பாக இருக்கிறது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் நூன்மரபு இதைத்தான் மெய்ம்மயக்கம் என்ற பெயரில் வகுத்துச் சொல்கிறது, நன்னூலும் தொடர்கிறது. சொல்லுக்குள் க், ச், த், ப் ஆகிய நான்கும் தம்மைத் தவிர வேறெந்த மெய்யோடும் மயங்கா: பக்கம், பச்சை, பத்து, உப்பு. ர், ழ் இரண்டும் நேர்மாறாக, தம்மோடு தாம் மயங்கா. இரண்டு ஒற்றுகள் அடுத்தடுத்து வருவதென்றால் முதல் ஒற்று ய், ர், ழ் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும்: வேய்ந்தான், பார்த்தான், வாழ்க்கை. செய்யுளில் ‘போன்ம்’ போன்ற அரிய வடிவங்கள் உண்டு என்றாலும் கடிதத்தில் எவரும் அவற்றை எழுதுவதில்லை.

இந்த விதிகள் வேறு எதற்காகவோ வகுக்கப்பட்டவை. ஆனால் எழுத்துகள் தம் இடத்தில் இருக்கின்றனவா என்று கேட்கும் இடமாற்றுச் சைபருக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோலைத் தேடுவது கடினம். மறைசெய்தியின் நடுவில் ‘ன் ம் ம் ல் க்’ என்று ஐந்து ஒற்றுகள் அணிவகுத்தபோதே, இது இடம் மாற்றப்பட்ட உரை என்ற செய்தி வெளியாகிவிட்டது.

நமது செய்தியில் எட்டு ஒற்றுகள் உள்ளன. ஒவ்வொரு ஊகத்திலும் அந்த எட்டுக்கும் அடுத்து வரும் எழுத்தை மட்டும் பார்க்கலாம். இரண்டு வரிசை ஊகத்தில் ‘க்த’, ‘ந்சொ’ இரண்டும் நிற்கவே முடியாதவை. ‘ல்ட’, ‘ன்ரு’ இரண்டும் சொல்லுக்குள் வாரா. சொல் எல்லையில் வர வேண்டுமென்றால் அடுத்த சொல் ட, ர ஆகியவற்றில் தொடங்க வேண்டும். பழைய மரபு அதை அனுமதிக்காது, ஆனால் டிக்கெட்டும் ரூபாயும் புழங்கும் இன்றைய கடிதம் அனுமதிக்கும். எனவே அவை பலவீனமான சாட்சிகள். ‘ல்பே’, ‘ம்கி’, ‘ம்வி’, ‘ல்தே’ நான்கும் சொல்லுக்குள்ளோ சொல் எல்லையிலோ பொருந்தலாம். மூன்று வரிசையில் எட்டில் ஆறு பிசகுகின்றன. நான்கு வரிசையில் க்கா, ல்பே, ந்தி, ல்வ, ன்அ, ம்மா, ம்சொ, ல்லா என்று எட்டும் நிற்கின்றன, பிசகு ஒன்றுமில்லை.

இன்னொரு சாட்சி, தனி உயிரெழுத்து. அளபெடையை விட்டால் அ, இ, உ போன்றவை சொல்லின் முதலில் மட்டுமே வரும். செய்தியில் ஒரே ஓர் ‘அ’ இருப்பதால், அதற்கு முந்தைய எழுத்து ஒரு சொல்லின் இறுதியாக இருந்தாக வேண்டும். கேட்பதற்கு வலுவான சோதனையாகத் தோன்றினாலும் இங்கே அது பெரிதாக உதவவில்லை. மூன்று வரிசை ஊகத்திலும் ‘அ’வுக்கு முன் ‘ம்’ வந்து நிற்கிறது. மகரம் தமிழ்ச் சொற்களின் மிகச் சாதாரணமான இறுதி. தவறான ஊகமும் இந்தச் சோதனையில் தப்பிவிடுகிறது.

ஒற்று மிகுதலை ஒழுங்காக எழுதுபவரின் செய்தி உடைப்பவருக்குக் கூடுதல் உதவி செய்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ‘நாளைக் காலை’ என்பதில் வந்த க், பொருளுக்கு எதையும் சேர்க்கவில்லை; சோதனைக்கோ எட்டில் ஒரு சாட்சியைச் சேர்த்தது. சந்தி விட்டு எழுதப்பட்ட செய்தியில் சாட்சிகள் குறையும். ‘சாக்ஸ்’, ‘க்ரைம்’ போன்ற வடிவங்கள் மலிந்த செய்தியிலோ விதியே தளரும். அங்கே ஒரு மீறலுக்காக ஊகத்தைத் தள்ளிவிடக் கூடாது. மொத்த எண்ணிக்கையை ஒப்பிட வேண்டும்.

ஐந்தாம் வரிசையின் பொய்வெளிச்சம்

விடை கிடைத்த பிறகும் ஐந்து வரிசையைப் பிரித்துப் பார்ப்பது வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால் இந்த முறையின் பொறியை மிகத் தெளிவாகக் காட்டுவது அதுதான்.

நா சொ ம் ரு கி றே ம் ளை த மு ல் மா வி ட க் ல் ல் தி லை லா தே கா பே வ அ ன் ந் ரு

‘ருகிறே’ இருக்கிறது, ‘மாவிட’ இருக்கிறது, ‘லாதே’யும் இருக்கிறது. மூன்றும் உண்மையான செய்தியின் துண்டுகளே. வருகிறேன், அம்மாவிடம், சொல்லாதே ஆகியவற்றின் பகுதிகள் தவறான ஊகத்தில் தம் வடிவம் கெடாமல் வந்து நிற்கின்றன. பெரிய எண்ணிலிருந்து கீழே இறங்கிவரும் ஒருவர் இந்தக் கட்டத்தில், ஐந்துதான் விடை, எங்கோ எழுதும்போது பிழை நேர்ந்துவிட்டது என்று முடிவு செய்து பிழையைத் தேடத் தொடங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

காரணம் வெட்டுகளில் இருக்கிறது. பள்ளத்தில் ஓர் எழுத்தின் இருபுறமும் வருபவை கடைசிக்கு முந்தைய வரிசையின் இரண்டு எழுத்துகள். நான்கு வரிசையில் கடைசித் துண்டு நாடாவின் 24ஆம் எழுத்திலும், அதற்கு முந்தையது 15ஆம் எழுத்திலும் தொடங்குகின்றன. ஐந்து வரிசையில் அவை 26, 19. கடைசித் துண்டின் தொடக்கம் இரண்டு இடம் நகர்ந்தபோது முந்தையதன் தொடக்கம் சரியாக நான்கு இடம் நகர்ந்துவிட்டது. பள்ளத்தில் ஓர் எழுத்துக்கு முந்தைய வரிசையிலிருந்து இரண்டு எழுத்து செலவாவதால், இந்த இரட்டிப்பு விகிதம் அமைந்தவுடன் பள்ளங்கள் பழைய பொருத்தத்திலேயே நிற்கின்றன. 28 என்ற நீளத்தில் மீதி எழுத்துகள் விழுந்த விதத்தால் நேர்ந்த தற்செயல் இது. வேறு நீளங்களில் பெரும்பாலும் நேராது.

ஒற்றுச் சோதனை இங்கே தயங்கவில்லை. ‘க் ல் ல்’ என்று மூன்று ஒற்றுகள், ‘ன் ந்’ என்று இன்னோர் இணை, ‘ம்ளை’, ‘ம்ரு’, ‘ந்ரு’. எட்டில் ஆறு பிசகுகள். துண்டுச் சொற்கள் நம்பிக்கை தந்த இடத்தில் ஒற்றுகள் மறுத்துவிட்டன. ஆயினும் அந்தத் துண்டுகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ‘மாவிட’ என்பதைக் கண்டவர் ‘அம்மாவிடம்’ என்று ஊகித்து, அதற்கு வேண்டிய அ, ம், ம் நாடாவில் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால், சரியான வெட்டுகளை நோக்கி அவரே திரும்பிவிட முடியும்.

எத்தனை வரிசைவரை போக வேண்டும்? எழுத்து எண்ணிக்கைக்குச் சமமான வரிசையில் எதுவும் மாறாது என்பதால் கொள்கையளவில் 27 வரை. நடைமுறையில் பாதிக்கு மேல் போக வேண்டியதில்லை. 20 வரிசையில் இதே செய்தியை எழுதியிருந்தால், இறங்கும்போதே 20 எழுத்து முடிந்து, மீதி எட்டு மட்டும் திரும்பி ஏறும். அவை பன்னிரண்டாம் வரிசைக்கு மேல் போகா. ஆகவே மறைசெய்தியின் முதல் பன்னிரண்டு எழுத்துகள் ‘நாளைக்காலைமுதல்பேருந்தி’ என்று அப்படியே தெரிந்துவிடும். வரிசையைக் கூட்டினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைப்பவருக்கு இது எதிர்பாராத விளைவு. பதினான்கைத் தாண்டிய பிறகு, கூடும் ஒவ்வொரு வரிசையும் செய்தியை மறைப்பதற்குப் பதிலாகத் திறக்கிறது.

வேலியைக் கடினமாக்கியவர்களும் உண்டு. அமெரிக்கக் கிரிப்டோகிராம் சங்கத்தார் ‘ரெடிஃபென்ஸ்’ என்று அழைக்கும் வகையில் வரிசைகளை மேலிருந்து கீழாகப் படிக்காமல், ஒரு திறவுகோல் சொல்லும் ஒழுங்கில் படித்தெடுப்பார்கள். நான்கு வரிசைக்கு அப்படி 24 ஒழுங்குகள். எழுத்தை மேல் வரிசையில் தொடங்காமல் சுற்றின் ஆறு இடங்களில் எங்கும் தொடங்கலாம் என்றால் நான்கு வரிசைக்கு மட்டுமே 144 ஊகங்கள். அத்தனையையும் பொருள் தேடிப் படிப்பது கண்ணுக்குச் சலிப்பு. ஒற்று மீறலை எண்ணித் தரவரிசைப்படுத்துவது கணினிக்கு ஒரு நொடி வேலை.

கணினியின் ‘எழுத்து’ வேறு

கணினியிடம் வேலையை ஒப்படைக்கும்போது தமிழுக்கே உரிய ஓர் இடறல் நேர்கிறது. யூனிகோடில் ‘கா’ என்பது ஒன்றல்ல. க ஒரு குறியீடு, துணைக்கால் இன்னொரு குறியீடு. ‘க்’ என்பதும் க, புள்ளி என இரண்டு. நமது செய்தியில் த, வ, அ, ட நான்கு மட்டுமே ஒற்றைக் குறியீடு. மற்ற 24 எழுத்தும் இரண்டிரண்டு. ஆகவே நாம் 28 என்று எண்ணுவதைக் கணினி 52 என்று எண்ணும். ‘சொ’வின் கொம்பும் காலும் தனித்தனியே பதிவாகியிருந்தால் 53.

நீளம் மாறினால் வெட்டும் இடங்கள் எல்லாம் மாறும். கையால் எழுதி மறைத்த செய்தியைக் குறியீடு குறியீடாகப் பிரிக்கும் நிரல், சரியான வரிசை எண்ணைக் கொடுத்தாலும் குப்பையையே தரும். அடையாளம் எளிது: புள்ளியும் கொம்பும் தம் எழுத்தை விட்டுப் பிரிந்து புள்ளிவட்டத்தின் மேல் தனியாக நிற்கும், அல்லது ‘அ’வின் தலையில் புள்ளி ஏறியிருக்கும். அதைக் கண்டால் வரிசை எண்ணை மாற்றுவதை நிறுத்திவிட்டு, எண்ணும் முறையை மாற்ற வேண்டும். பைத்தானில் தேவையான இரண்டு செயற்கூறுகள்:

```python
import unicodedata as u

def letters(s):
    out = []
    for ch in u.normalize("NFC", s):
        if u.category(ch) in ("Mn", "Mc") and out:
            out[-1] += ch
        elif ch.isalpha():
            out.append(ch)
    return out

def read_fence(c, r):
    n, p = len(c), 2 * r - 2
    row = [min(i % p, p - i % p) for i in range(n)]
    order = sorted(range(n), key=lambda i: row[i])
    plain = [""] * n
    for ch, pos in zip(c, order):
        plain[pos] = ch
    return " ".join(plain)
```

முதலாவது, துணைக்குறிகளை அவற்றின் எழுத்தோடு ஒட்டி, தமிழர் எண்ணும் எழுத்தாக ஆக்குகிறது. இடைவெளியையும் நிறுத்தற்குறியையும் கழிக்கிறது. இரண்டாவது, ஒவ்வோர் இடமும் எந்த வரிசையில் விழும் என்று கணக்கிட்டு, வரிசைப்படி அடுக்கி, மறைசெய்தியின் எழுத்துகளை அந்தந்த இடத்தில் வைக்கிறது. முன்னர்ச் சொன்ன 5, 9, 9, 5 என்ற வெட்டுகள் இதில் தாமாகவே அமைந்துவிடும். அனுப்பியவர் இடைவெளிகளையும் எழுத்தாக எண்ணியிருந்தால் மட்டும் கழிக்கும் வரியை மாற்ற வேண்டியிருக்கும்.

ஓர் எழுத்து தொலைந்தால்

கடைசியாக, எந்த ஊகமும் பொருந்தாத நிலை. படியெடுத்தவர் மறைசெய்தியின் பத்தாம் எழுத்தான ‘வ’வை விட்டுவிட்டார் என்று கொள்வோம். இப்போது 27 எழுத்துகள். நான்கு வரிசைக்கு வெட்டுகள் 5, 9, 9, 4 என்று ஆகும். படித்தால்:

நா ளை லை ரு பே மு த ல் ந் கி ரு தி ல் ன் …

முதல் பார்வையில் இதுவும் குப்பை. ஆனால் முகடுகளை மட்டும் பார்த்தால் ‘நாளை’ இருக்கிறது, ‘முதல்’ இருக்கிறது, ‘தில்’ இருக்கிறது. முகட்டில் சேர்வன முதல் இரண்டு வரிசைகளின் எழுத்துகள். அங்கே ஒழுங்கும், பள்ளத்தில் ‘லைருபே’, ‘ந்கிரு’ என்று குழப்பமும் இருந்தால், இரண்டாம் வரிசையின் தொடக்கம்வரை நாடா சரியாகவும், அதன்பின் வந்த துண்டுகள் எல்லாம் ஓரிடம் நழுவியும் இருக்கின்றன என்று பொருள். வரிசை எண் தவறாயிருந்தால் முகடு பிழைத்துப் பள்ளம் மட்டும் கெடுவது இப்படித் தொடர்ச்சியாக நிகழாது. ஆகவே நான்கைக் கைவிடாமல், நீளத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

திருத்தும் வழி இதுதான்: நாடாவில் ஒரு வெற்றிடத்தைச் செருகி 28 ஆக்க வேண்டும். எந்த இடம் என்று தெரியாவிட்டாலும், இரண்டாம் வரிசைக்குள் எங்கே செருகினாலும் மூன்றாம், நான்காம் வரிசைகள் உடனே தம் இடத்துக்குத் திரும்பிவிடும். அந்த வரிசையின் கடைசியில் செருகிப் பார்த்தால்:

நா ளை க் கா லை மு த ல் பே ரு ந் தி ல் ன் ரு கி றே ம் அ ம் மா வி ட ல் சொ □ லா தே

செய்தி பெரும்பாலும் எழுந்து நின்றுவிட்டது. பதின்மூன்றாம் எழுத்துவரை பிசகே இல்லை. அடுத்து ‘ல் ன்’ என்று இரண்டு ஒற்றுகள் மோதுகின்றன; முதல் ஒற்று ய், ர், ழ் எதுவுமில்லை. பிழை தொடங்கும் இடம் அதுவே. வெற்றிடத்தை அங்கே நகர்த்தினால் ன் நான்கு இடம் தள்ளி ‘றே’வின் பின்னால் போய் அமர்கிறது, ம் ‘ட’வின் பின்னால், ல் ‘சொ’வின் பின்னால். பேருந்தில் என்பதற்கும் ‘ருகிறேன்’ என்பதற்கும் நடுவே ஓர் எழுத்துக்கு மட்டும் இடம் மிஞ்சுகிறது. பயணம் சொல்லும் அந்த வாக்கியத்தில் அவ்விடத்துக்கு வ என்ற எழுத்தைத் தவிர வேறொன்று பொருந்தாது.